சதுரத்தின் மூலைகளில் நான்கு சம நிறைகள்: A வழியாக BD-க்கு இணையான அச்சில் 3ma² எப்படி வருகிறது?

கயல்_பிளஸ்ஒன்

எல்லோருக்கும் வணக்கம். AIEEE 2006-ல் வந்த கேள்வி இது. ABCD என்ற சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் m நிறையுள்ள ஒரு புள்ளி இருக்கிறது. பக்கத்தின் நீளம் a என்று வைத்துக்கொள்கிறேன். A வழியாகப் போகும், BD மூலைவிட்டத்துக்கு இணையான அச்சைப் பற்றி இந்த அமைப்பின் நிலைமத் திருப்புத்திறன் என்ன என்பதுதான் கேள்வி. விடைக்குறிப்பில் 3ma² என்று போட்டிருக்கிறது. எனக்கு 2ma² வருகிறது.

நான் செய்த வழி: நான்கு நிறைகளுக்கும் நிறைமையம் சதுரத்தின் நடுவில். அங்கிருந்து இந்த அச்சுக்கு a/√2 தூரம். மொத்த நிறை 4m. ஆக 4m × (a²/2) = 2ma². கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 2ma²-உம் ஒன்று. மீதி ஒரு ma² எங்கிருந்து வருகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

சுழல்வேகம்

இரண்டுமே சரியில்லை என்று நினைக்கிறேன். A-யிலிருந்து தூரங்களை எடுத்துப் பாருங்கள். A-க்கு 0. B-க்கு a. D-க்கு a. C மூலைவிட்டத்தின் மறுமுனையில் இருப்பதால் அதற்கு √2 a. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0 + a² + a² + 2a². மொத்தம் 4ma². விடைக்குறிப்பில் அச்சுப்பிழை இருக்கும்.

பம்பரம்

சுழல்வேகம், உங்கள் 4ma² சரியான கணக்கு, ஆனால் வேறொரு அச்சுக்கு. A என்ற புள்ளியிலிருந்து ஒவ்வொரு நிறையும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்திருக்கிறீர்கள். சதுரத்தை மேசையில் வைத்து, A-யில் ஆணியை நேராக மேலிருந்து கீழாக அடித்துச் சுழற்றினால் அந்தத் தூரங்கள் பொருந்தும். இந்தக் கேள்வியில் அச்சு BD-க்கு இணை. BD மேசைத் தளத்திலேயே கிடக்கிறது, ஆகவே அச்சும் அதே தளத்தில் படுத்திருக்கிறது. அளக்க வேண்டியது A என்ற புள்ளியிலிருந்து இல்லை, அந்தக் கோட்டிலிருந்து, அதுவும் கோட்டுக்குச் செங்குத்தாக.

கயல், ஒரு படம் போடுங்கள். A கீழே இடது, B கீழே வலது, C மேலே வலது, D மேலே இடது. BD என்பது கீழ் வலதிலிருந்து மேல் இடதுக்குச் சாய்வாகப் போகிறது. அதே சாய்வில் A வழியாக இன்னொரு கோடு வரையுங்கள். சதுரம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும். A கோட்டின் மேலேயே இருக்கிறது, தூரம் 0. B-யும் D-யும் அதற்கு இணையான BD-யில் இருப்பதால் இரண்டுக்கும் தூரம் ஒன்றுதான், a/√2. C-க்கு அதைப் போல் இரண்டு மடங்கு, √2 a.

கூட்டினால்:

0 + m(a²/2) + m(a²/2) + m(2a²) = 3ma²

இதில் C-யை மட்டும் தனியாகப் பாருங்கள். அது ஒன்றே 2ma² கொடுத்துவிடுகிறது. நீங்கள் மொத்தத்துக்கும் எழுதிய விடையை ஒரே ஒரு நிறை நிரப்பிவிட்டது. அப்புறம் B-யும் D-யும் கொடுக்கும் ma²-க்கு இடமே இல்லை.

நிறைமையத்தில் மொத்த நிறையையும் குவித்துக் கணக்குப் போடுவது விசைக்கும் உந்தத்துக்கும் செல்லும், இங்கே செல்லாது. காரணம் வர்க்கம்தான். நான்கு தூரங்களின் சராசரி a/√2, அதில் நீங்கள் சொன்னது சரி. அந்தச் சராசரியை வர்க்கப்படுத்தினால் a²/2. ஆனால் நமக்கு வேண்டியது தூரங்களைத் தனித்தனியாக வர்க்கப்படுத்தி எடுத்த சராசரி. அது (0 + ½ + ½ + 2)/4, அதாவது ¾ a². இரண்டுக்கும் இடையில் ¼ a² வித்தியாசம். அதை 4m-ஆல் பெருக்கினால் ma². உங்களுக்கு விட்டுப்போனது அதுதான். நிறைகள் நிறைமையத்தைச் சுற்றிப் பரவியிருப்பதற்கான பங்கு அது.

2ma² விடைகளில் ஒன்றாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வி தயாரித்தவர் இந்த வழியை எதிர்பார்த்தே வைத்திருப்பார்.

தேற்றம்தேவா

இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. இணையச்சுத் தேற்றம் போட்டால் ஒரே வரி. BD அச்சில் B, D இரண்டும் பூஜ்யம், A-யும் C-யும் தலா ma²/2, ஆக ma². அதிலிருந்து a/√2 தள்ளிப் போகிறோம், 4m × a²/2 = 2ma² கூட்டு. 3ma². முடிந்தது.

எந்த அச்சு தெரிந்தாலும் சரி, அதற்கு இணையான அடுத்த அச்சுக்கு Md² கூட்டிக்கொண்டே போகலாம். உதாரணமாக AB பக்கத்தையே அச்சாக எடுத்தால் C, D இரண்டும் a தூரத்தில், 2ma². எதிர்ப்பக்கம் DC அதிலிருந்து a தள்ளி இருக்கிறது. ஆகவே DC-யைப் பற்றி 2ma² + 4ma² = 6ma². நேரம் மிச்சம்.

கயல்_பிளஸ்ஒன்

தேவா அண்ணா, DC-யைப் பற்றி நேராகக் கூட்டினால் A, B இரண்டு மட்டும்தானே a தூரத்தில் இருக்கின்றன? 2ma² தானே வருகிறது? 6 எப்படி வரும்?

பம்பரம்

கயல் சொல்வதுதான் சரி. சதுரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் AB இருந்த இடத்தில் DC வந்துவிடும். நிறைகள் எல்லாம் சமம். AB-க்கு 2ma² என்றால் DC-க்கும் அதுவேதான் இருக்க முடியும்.

தேவா, முதல் கணக்கு சரி, ஏனென்றால் BD நிறைமையம் வழியாகப் போகிறது. இரண்டாவதில் AB நிறைமையம் வழியாகப் போகவில்லை. இணையச்சுத் தேற்றம் நிறைமையத்திலிருந்து கிளம்பினால் மட்டும்தான் செல்லும். வேறொரு அச்சிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் முதலில் நிறைமையத்துக்குத் திரும்பி வர வேண்டும். AB-யிலிருந்து நடுவுக்கு a/2 தூரம். 2ma²-லிருந்து 4m × a²/4 = ma² கழித்தால் ma². நடுவிலிருந்து DC-க்கு இன்னொரு a/2. மறுபடி ma² கூட்டினால் 2ma².

காரணமும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறை நடு அச்சிலிருந்து x தள்ளி இருக்கிறது, நாம் அச்சை d தள்ளி வைக்கிறோம் என்றால் புதிய தூரத்தின் வர்க்கம் x² + 2xd + d². நடுவில் நிற்கும் 2xd-ஐ எல்லா நிறைகளுக்கும் கூட்டினால் பூஜ்யமாக வேண்டும். நிறைமையத்திலிருந்து அளந்தால்தான் mx-களின் கூட்டல் பூஜ்யம். AB-யிலிருந்து அளந்தால் C, D இரண்டும் ஒரே பக்கத்தில் a தூரத்தில் இருப்பதால் கூட்டல் 2ma. DC-யை நோக்கி நகரும்போது அந்த நடு உறுப்பு −2 × a × 2ma, அதாவது −4ma². உங்கள் 6ma²-இல் அதைச் சேர்த்துப் பாருங்கள், 2ma² வந்துவிடும்.

நீங்கள் விடையைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரே திசையில் இருக்கும் இணையான அச்சுகளில் நிறைமையம் வழியாகப் போவதுதான் மிகக் குறைந்த மதிப்பு. அதிலிருந்து சம தூரத்தில் இருக்கும் இரண்டு அச்சுகள் சம மதிப்பு தர வேண்டும். தரவில்லை என்றால் எங்கோ பிசகு.

கயல்_பிளஸ்ஒன்

இப்போது புரிகிறது, நன்றி ஐயா. இதிலிருந்தே இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. மூலைவிட்டம் BD-யைப் பற்றி ma². நடுவில் பக்கத்துக்கு இணையாகப் போகும் அச்சைப் பற்றியும் ma², ஏனென்றால் நான்கும் a/2 தூரத்தில். ஒன்றில் இரண்டு நிறைகள் வேலையே செய்யவில்லை, இன்னொன்றில் நான்கும் செய்கின்றன. இரண்டும் ஒரே எண்ணாக வருவது தற்செயலா?

பம்பரம்

தற்செயல் இல்லை. நடு வழியாக, சதுரத்தின் தளத்தில், எந்தக் கோணத்தில் அச்சு வைத்தாலும் ma² தான். நீங்களே நிறுவிவிடலாம்.

நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரத்தை R என்று வைப்போம், R² = a²/2. அச்சு AC மூலைவிட்டத்தோடு θ கோணம் வைக்கிறது. A-யும் C-யும் அச்சிலிருந்து R sinθ தள்ளி இருக்கும். BD மூலைவிட்டம் AC-க்குச் செங்குத்து, ஆகவே B-யும் D-யும் R cosθ தள்ளி இருக்கும். மொத்தம்:

2mR² sin²θ + 2mR² cos²θ = 2mR² = ma²

θ காணாமல் போய்விட்டது. அச்சைத் திருப்பும்போது A, C ஜோடி எவ்வளவு இழக்கிறதோ அவ்வளவை B, D ஜோடி பெறுகிறது. 30° போட்டுப் பாருங்கள். A, C தலா ma²/8, B, D தலா 3ma²/8. கூட்டினால் ma².

இரண்டு மூலைவிட்டங்களும் செங்குத்தாக இருப்பதும் சம நீளமாக இருப்பதும் இரண்டுமே இங்கே வேண்டும்.

தேற்றம்தேவா

சமச்சீர் இருக்கிறது, அதனால் எல்லாத் திசையும் ஒன்று. செவ்வகத்துக்கும் சமச்சீர் இருப்பதால் அங்கும் இப்படித்தான் வரும். நடு வழியாகப் போகும் எந்த அச்சும் சமம்.

பம்பரம்

முதல் வாக்கியம் சரி, இரண்டாவது சரியில்லை. எவ்வளவு சமச்சீர் என்பது முக்கியம். சதுரத்தை 90° திருப்பினால் பழையபடியே தெரியும். செவ்வகத்தை 180° திருப்பினால்தான் அப்படித் தெரியும். அது போதாது.

4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள செவ்வகம் எடுங்கள், மூலைக்கு 1 கிலோ. நடுவில் அகலவாக்கில் போகும் அச்சிலிருந்து எல்லாம் 1.5 மீட்டர் தூரம், 4 × 2.25 = 9. உயரவாக்கில் போகும் அச்சிலிருந்து 2 மீட்டர், 4 × 4 = 16. மூலைவிட்டத்தைப் பற்றிப் பார்த்தால் மற்ற இரண்டு மூலைகளும் அதிலிருந்து 12/5 = 2.4 மீட்டர் தூரத்தில், 2 × 5.76 = 11.52. மூன்று அச்சுக்கும் மூன்று மதிப்பு. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்தான், ஆனால் செங்குத்தாக வெட்டிக்கொள்வதில்லை. ஆகவே sin²-உம் cos²-உம் சேர்ந்து 1 ஆகும் அந்த வசதி இங்கே இல்லை.

மாறாக, சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் சம நிறை வைத்தால் சதுரம் போலவே எல்லாத் திசையும் சமமாகும். 120° திருப்பினால் பழையபடி வருவதே போதுமானது.

மாலைவகுப்பு

வணக்கம். நான் மாலையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். இதே சதுரம் 2011 IIT-JEE-யிலும் வந்தது, ஆனால் புள்ளிகளுக்குப் பதில் கோளங்கள். 0.5 கிலோ எடை, √5 செ.மீ. விட்டமுள்ள நான்கு திண்மக் கோளங்களின் மையங்கள் 4 செ.மீ. பக்கச் சதுரத்தின் மூலைகளில் இருக்கின்றன. மூலைவிட்டத்தைப் பற்றிய மதிப்பு N × 10⁻⁴ kg m² என்றால் N என்ன என்று கேட்டிருந்தார்கள்.

புள்ளிகளாக நினைத்தால் ma² = 0.5 × 16 = 8 kg cm². என் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மூலைவிட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு கோளங்களும் பூஜ்யம் என்று அடித்துவிடுகிறார்கள். புள்ளி என்றால் பூஜ்யம்தான். கோளம் என்றால் அச்சு அதன் மையம் வழியாகப் போனாலும் அதன் உடம்பு அச்சைச் சுற்றித்தான் இருக்கிறது. நான்கு கோளங்களுக்கும் தலா (2/5)mr² சேர்க்க வேண்டும். r² = 5/4 செ.மீ.², ஆகவே ஒன்றுக்கு 0.4 × 0.5 × 1.25 = 0.25. நான்குக்கும் 1 kg cm². மொத்தம் 9, அதாவது N = 9.

8-இல் நின்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கோளங்களின் அளவைக் கேள்வியில் எதற்காகக் கொடுத்தார்கள்?

கயல்_பிளஸ்ஒன்

அப்படியானால் கோளங்கள் இருக்கும்போதும் நடு வழியாகப் போகும் எல்லா அச்சுக்கும் 9 தானா?

மாலைவகுப்பு

ஆமாம், தளத்தில் இருக்கும் அச்சுகள் எல்லாவற்றுக்கும். கோளத்துக்குத் திசை கிடையாது, அதனால் அந்த 1 kg cm² மாறாது. ஆனால் தளத்துக்குச் செங்குத்தான அச்சுக்குப் போகும்போது கவனமாக இரு அம்மா. புள்ளிகளுக்கு 8 + 8 = 16 என்று செங்குத்து அச்சுத் தேற்றத்தில் வரும். கோளங்களுக்கு 9 + 9 = 18 என்று எழுதினால் தவறு. நேராகக் கூட்டினால் 16 + 1 = 17. அந்தத் தேற்றம் தட்டையான பொருளுக்கு மட்டும். கோளம் தளத்துக்கு மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நான்குறெக்கை

நான் படிப்புக்காக இங்கே வரவில்லை, ஆனால் இந்த இழை என் பிரச்சினைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு நான்கு மோட்டார் ட்ரோன் கட்டியிருக்கிறேன். எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 45 செ.மீ. ஒரு மூலையில் மோட்டார், ப்ரொப்பெல்லர், தாங்கி எல்லாம் சேர்த்து 75 கிராம். பேட்டரியோடு மொத்தம் 1.1 கிலோ. சிமுலேஷனில் போட மூன்று அச்சுக்கும் மதிப்பு வேண்டியிருந்தது.

இரண்டு நூலில் தொங்கவிட்டு, லேசாக முறுக்கி விட்டு, அலைவு நேரம் பார்த்தேன். நூலின் நீளம் 1 மீட்டர், நூல்களுக்கு இடையே 20 செ.மீ. 20 அலைவுகளை எண்ணி வகுத்தேன். ரோல் அச்சில் 1.89 வினாடி, பிட்ச் அச்சில் 1.94, மேலிருந்து கீழாகப் போகும் யா அச்சில் 2.57. இந்தச் சூத்திரத்தில் போட்டேன்:

I = M g d² T² / (4π² L), d = 0.1 மீ.

ரோல் 0.0098, பிட்ச் 0.0103, யா 0.0181 kg m² வருகிறது. இங்கே சொன்னபடி பார்த்தால் ரோலும் பிட்சும் சமமாக இருக்க வேண்டும், யா அதைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. அளவு தப்பா, ட்ரோன் கோணலா?

தேற்றம்தேவா

X வடிவத்தில் பறக்கவிடுகிறீர்களா, + வடிவத்திலா? + வடிவத்தில் அச்சு இரண்டு மோட்டார் மேலேயே போவதால் நிலைமம் குறையும், சீக்கிரம் சாயும். அதுதான் வித்தியாசம்.

பம்பரம்

தேவா, மேலே θ மறைந்துபோனதே, அது இதற்கும் பதில். X-ஆக இருந்தாலும் +-ஆக இருந்தாலும் மோட்டார்களால் வரும் பங்கு ஒன்றுதான். சாயும் வேகம் மாறினால் அது விசையின் பக்கத்திலிருந்து வருகிறது. X-இல் நான்கு மோட்டாரும் சாய்க்க உதவுகின்றன, ஒவ்வொன்றும் அச்சிலிருந்து a/2 தூரத்தில். +-இல் இரண்டுதான் உதவுகின்றன, a/√2 தூரத்தில். ஒவ்வொரு மோட்டாரும் உந்துவிசையை ஒரே அளவு கூட்டவோ குறைக்கவோ முடியும் என்றால் X-க்கு √2 மடங்கு திருப்புவிசை கிடைக்கும். நிலைமம் அதே.

நான்குறெக்கை, முதலில் மோட்டார்களை மட்டும் பார்ப்போம். R = 0.225 மீ., a² = 2R² = 0.101 மீ.². ma² = 0.075 × 0.101 = 0.0076. யா அச்சுக்கு 0.0152. உங்கள் அளவுகள் இவற்றைவிடக் கொஞ்சம் மேலே இருக்கின்றன. கைகளும் பேட்டரியும் சேர வேண்டுமே, ஆகவே அளவு நம்பும்படிதான் இருக்கிறது.

ரோலுக்கும் பிட்சுக்கும் 0.0005 வித்தியாசம். கைகள் நான்கும் சமமாகப் பிரிவதால் அவை இந்த வித்தியாசத்தைக் கொடுக்க முடியாது. பேட்டரி கொடுக்கும். அதன் அளவும் எடையும் என்ன? எந்தத் திசையில் கட்டியிருக்கிறீர்கள்?

நான்குறெக்கை

350 கிராம். நீளம் 14, அகலம் 4.5, உயரம் 3 செ.மீ. முன்னும் பின்னுமாக நீளவாக்கில், சட்டத்துக்கு அடியில் கட்டியிருக்கிறேன்.

பம்பரம்

சரியாகப் பொருந்துகிறது. ரோல் அச்சு பேட்டரியின் நீளவாக்கில் போகிறது, அதில் பேட்டரியின் சொந்தப் பங்கு (0.35/12)(0.045² + 0.03²), சுமார் 0.0001. பிட்ச் அச்சில் (0.35/12)(0.14² + 0.03²), சுமார் 0.0006. வித்தியாசம் 0.0005. ட்ரோன் கோணல் இல்லை. பேட்டரியைக் குறுக்காகத் திருப்பிக் கட்டினால் ரோல், பிட்ச் இரண்டும் இடம் மாறும், அதைச் செய்து பார்த்தே உறுதி செய்யலாம்.

யா இரண்டு மடங்கு வராததற்குக் காரணத்தை மாலைவகுப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டார். உங்கள் ட்ரோன் தட்டை இல்லை. ப்ரொப்பெல்லர் மேலே, பேட்டரி கீழே. தளத்திலிருந்து z உயரத்தில் இருக்கும் நிறை ரோலிலும் பிட்சிலும் mz² சேர்க்கும், யாவில் எதுவும் சேர்க்காது. ஆகவே

ரோல் + பிட்ச் = யா + 2Σmz²

உங்கள் எண்களில் 0.0201 − 0.0181 = 0.0020, ஆக Σmz² = 0.0010. அதை 1.1 கிலோவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3 செ.மீ. நிறைகள் சராசரியாக நிறைமையத்துக்கு மேலும் கீழும் 3 செ.மீ. பரவியிருக்கின்றன என்று பொருள். கட்டமைப்பைப் பார்த்தால் ஒத்துவருகிறதா?

நான்குறெக்கை

ஸ்கேலில் அளந்தேன். பேட்டரியின் நடு, நிறைமையத்திலிருந்து 4 செ.மீ. கீழே. மோட்டார்கள் 3 செ.மீ. மேலே. 0.35 × 0.0016 = 0.00056, 0.3 × 0.0009 = 0.00027. கூட்டினால் 0.00083. மற்றவை எல்லாம் நடுத்தட்டிலேயே இருப்பதால் பெரிதாகச் சேராது. 2Σmz² என்று பார்த்தால் 0.0017, எனக்கு வந்தது 0.0020. இன்னும் 0.0003 இடிக்கிறது.

மாலைவகுப்பு

அது அலைவு நேரம் எடுத்ததில் வந்த பிழையாக இருக்கும். சூத்திரத்தில் T வர்க்கமாக வருகிறது. நேரத்தில் 1% பிசகினால் விடையில் 2%. யாவில் மட்டும் அது 0.0004-க்குப் பக்கம். அவ்வளவு நுணுக்கமாக 0.0003-ஐத் துரத்த முடியாது.

நான்குறெக்கை

நேரம் எடுத்தது கையால் இல்லை. அடியில் ஒரு ஒளி உணரி வைத்து எடுத்தேன், திரும்பத் திரும்ப எடுத்தாலும் 0.01 வினாடிக்குள் நிற்கிறது. எனக்குக் காற்றின் மேல் சந்தேகம். ரோல், பிட்ச் அளக்கும்போது ட்ரோன் செங்குத்தாகத் தொங்குகிறது. அப்போது ப்ரொப்பெல்லர்கள் தட்டையான பக்கத்தால் காற்றைத் தள்ளிக்கொண்டு ஆடுகின்றன. கூடவே ஆடும் காற்று நிலைமத்தைக் கூட்டிக் காட்டும். யாவில் அவை விளிம்பால் வெட்டிப் போகின்றன, அங்கே அந்தக் கூடுதல் இல்லை.

பம்பரம்

திசை சரியாகத்தான் இருக்கிறது. காற்று சேர்ந்தால் ரோலும் பிட்சும் உயரும், யா உயராது, மிச்சம் அந்தப் பக்கமே இருக்கிறது. ஆனால் சின்ன ப்ரொப்பெல்லர் அவ்வளவு காற்றை இழுக்குமா என்று எனக்குச் சந்தேகம். நூல்களுக்கு இடையே உள்ள 20 செ.மீ.-ஐயும் ஒருமுறை சரிபாருங்கள். அது d² ஆக வருகிறது, ரோலுக்கும் யாவுக்கும் வெவ்வேறு இடத்தில் நூல் கட்டியிருப்பீர்கள். ஒன்றில் 1 மி.மீ. மாறியிருந்தாலே 1% போய்விடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, அதே எடைக்கு நட்டு, வாஷர் ஏதாவது மோட்டார் தண்டில் மாட்டுங்கள். நூலை அவிழ்க்காமல் அப்படியே ரோலை மறுபடி எடுங்கள். ப்ரொப்பெல்லர் பிளேடின் சொந்தப் பங்கு மிகச் சின்னது, அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். நேரம் குறைந்தால் காற்று. அப்படியே நின்றால் நூலின் இடைவெளியைத்தான் தேட வேண்டும்.

கயல்_பிளஸ்ஒன்

ட்ரோன் நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நடு வழியாக எல்லாக் கோணமும் சமம் என்றீர்கள். A வழியாகத் தளத்தில் போகும் அச்சுகளுக்கு அப்படி இல்லை, இல்லையா? AB வழியாக 2ma², AC வழியாக ma², BD-க்கு இணையாக 3ma². ஆனால் செங்குத்தான ஜோடியாகக் கூட்டினால் 2 + 2-உம் 4, 1 + 3-உம் 4.

பம்பரம்

அழகாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த 4 தான் முதலில் சுழல்வேகம் எழுதிய 4ma², A-யில் செங்குத்தாக நிற்கும் அச்சின் மதிப்பு. தளத்தில் எந்தச் செங்குத்து ஜோடியை எடுத்தாலும் கூட்டுத்தொகை அதுவே.

AB-யிலிருந்து சதுரத்தின் உள்பக்கமாக φ கோணம் திருப்பினால் மதிப்பு ma²(2 − sin2φ). இதை நேராகக் கூட்டியும் பெறலாம், இணையச்சுத் தேற்றத்தாலும் பெறலாம். நடு வழியாக எல்லாத் திசையும் ma² என்பதால், A வழியாகப் போகும் அச்சு நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கான 4md² மட்டும்தான் மாறுகிறது. φ = 45° என்றால் அச்சு AC, நடு வழியாகவே போகிறது, d = 0, மிகக் குறைந்த மதிப்பு. φ = −45° என்றால் அச்சு நடுவிலிருந்து முழு a/√2 விலகி நிற்கிறது, மிக அதிகம். உங்கள் AIEEE கேள்வி சரியாக அந்த உச்சத்தில் இருக்கிறது.

சுழல்வேகம்

என் 4ma² கடைசியில் பயன்பட்டதில் மகிழ்ச்சி. நான்கு நிறைகளும் சமமாக இல்லாமல் A-யில் மட்டும் 2m இருந்தால் இந்த 2 − sin2φ என்ன ஆகும்? A அச்சின் மேலேயே இருப்பதால் எதுவும் மாறாது என்று நினைக்கிறேன்.

பம்பரம்

மாறாது. A வழியாகப் போகும் எந்த அச்சுக்கும் A-யின் பங்கு பூஜ்யம், அங்கே எவ்வளவு நிறை வைத்தாலும். ஆனால் நிறைமையம் நகர்ந்துவிடும். நான் மேலே சொன்ன இணையச்சு வழியில் அதைப் பெற முயன்றால் எல்லா எண்ணும் மாறி, கடைசியில் அதே விடைக்கு வந்து சேர வேண்டும். கயல், நேரம் இருந்தால் அதைப் போட்டு இங்கே எழுதுங்கள்.

நான்குறெக்கை

வாஷர் மாட்டி ரோல் எடுத்தேன். 1.88 வினாடி. பழையது 1.89. இது காற்றா, உணரியின் 0.01-ஆ என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நூலின் நீளத்தை 2 மீட்டராக்கி, அலைவு எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி எடுக்கப் போகிறேன். நூல்களின் இடைவெளியையும் வெர்னியரில் அளந்து எண்களை இங்கேயே போடுகிறேன்.